இண்டர்வியூவுக்கு முன்னாடி இன்ஸ்டா ஐடி கேட்டால்

வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இண்டர்வியூவுக்கு முன்பே ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புவது இப்போது சகஜமாகிவிட்டது. பெயர், இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் என்று வழக்கமான கேள்விகளாகப் போய்க்கொண்டிருக்கும். கடைசியில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் கணக்குகளின் லிங்க் கேட்டு மூன்று கட்டங்கள். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் வேறு. நிரப்பாவிட்டால் சப்மிட் ஆகாது.

சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் ரெக்ரூட்டராக வேலை பார்த்துவிட்டுத்தான் இப்போது வேறு துறைக்கு வந்திருக்கிறேன். அதனால் சொந்தத்தில் யாருக்காவது இப்படி ஃபார்ம் வந்தால் எனக்கு ஃபார்வர்டு ஆகிவிடும். என் கருத்து இதுதான்: தனிப்பட்ட கணக்குகளைத் தர வேண்டியதில்லை. தர மாட்டேன் என்பதைச் சரியாக எழுதினால் பெரும்பாலும் இண்டர்வியூவும் கையை விட்டுப் போகாது. ஆனால் "சரியாக" என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

முதலில், கேட்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பும் ரெக்ரூட்டர் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஊழியராகவே இருக்க மாட்டார். கன்சல்டன்சியில் ஒவ்வொரு கிளையண்ட்டுக்கும் ஒரு எக்செல் ட்ராக்கர் இருக்கும். கிளையண்ட்டின் எச்.ஆர். ஒரு தடவை அதில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டால் அது அப்படியே தங்கிவிடும். அடுத்த வருடம் அந்த எச்.ஆர். வேறு இடத்துக்குப் போய்விட்டாலும் அந்த நெடுவரிசை போகாது. ரெக்ரூட்டருக்கு அன்று சாயங்காலத்துக்குள் இத்தனை ப்ரொஃபைல் அனுப்ப வேண்டும் என்ற கவலை. காலியாக ஒரு கட்டம் இருந்தால் டீம் லீட் திருப்பி அனுப்புவாரே என்ற பயம். உங்கள் இன்ஸ்டாவைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பதிலின் முதல் வேலை அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுப்பது.

அதைத் தாண்டி உண்மையிலேயே பார்க்கிற நிறுவனங்களும் உண்டு. பழைய கம்பெனியைத் திட்டி எழுதியிருக்கிறாரா, ஆபாசமாகவோ மத வெறுப்போடோ ஏதாவது போட்டிருக்கிறாரா, நாளைக்கு அது ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றினால் கம்பெனி பெயர் கெடுமே என்பது அவர்கள் கவலை. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தேடப் போகிற கண்ணுக்கு வேறு எல்லாமும் படும். கல்யாணம் ஆகிவிட்டதா, சீமந்தம் சமீபத்தில் நடந்ததா, எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தார், தாத்தாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது. பயோடேட்டாவில் இல்லாத சாதியும் மதமும் குடும்ப நிலையும் ஒரே ஸ்க்ரோலில் வந்துவிடும். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இண்டர்வியூ எடுக்க யாராலும் முடியாது. நிராகரித்தால் காரணம் எழுத்தில் வரப்போவதும் இல்லை.

இது வெறும் சந்தேகமும் அல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெஸாண்ட்ரோ அக்விஸ்டியும் கிறிஸ்டினா ஃபாங்கும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 4,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கற்பனையான ஆட்களின் பெயரில் விண்ணப்பம் அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் மதம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தால் மட்டும், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் கிறிஸ்தவர் என்று சமூக வலைதளப் பக்கத்தில் தெரியும். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குடியரசுக் கட்சிக்குச் செல்வாக்குள்ள பகுதிகளில், முஸ்லிமாகத் தெரிந்தவருக்கு இண்டர்வியூ அழைப்பு தெளிவாகவே குறைந்தது. அங்கே விண்ணப்பதாரர்கள் யாரும் லிங்க் கொடுக்கக்கூட இல்லை. நிறுவனங்கள் தாமாகத் தேடிப் பார்த்ததுதான். நாமே லிங்க்கை ஃபார்மில் ஒட்டிக் கொடுத்தால் தேடும் சிரமமும் அவர்களுக்கு மிச்சம்.

இப்போது என் சித்தி மகளின் கதைக்கு வருகிறேன். பி.காம். முடித்து, அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலையில் சில வருட அனுபவம். பெருங்குடியில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். சனிக்கிழமை இண்டர்வியூ, வியாழன் இரவு ஃபார்ம் வந்தது. "அக்கா, இன்ஸ்டா ஐடி கேக்குறாங்க. இல்லைன்னு போட்டுடவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அந்த ஃபார்மின் அடியில், "மேலே கொடுத்த விவரங்கள் அனைத்தும் உண்மை, தவறெனத் தெரிந்தால் எந்த நேரத்திலும் வேலையிலிருந்து நீக்கலாம்" என்று ஒரு உறுதிமொழி இருந்தது. அநேகமாக எல்லா விண்ணப்பத்திலும் இது இருக்கும், யாரும் படிப்பதில்லை. கணக்கு இருந்தும் இல்லை என்று எழுதினால், சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஒரு விஷயத்துக்காகப் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அது வெளியே வருவதும் கஷ்டமில்லை. போன் நம்பரை கான்டாக்ட்ஸில் சேவ் செய்திருக்கும் யாருக்கும் இன்ஸ்டா அந்தக் கணக்கைப் பரிந்துரைக்கக்கூடும். "தர விருப்பமில்லை" என்பது உண்மை, அதை எழுதுவதில் ஆபத்து இல்லை. "இல்லை" என்பது பொய், அது ஃபைலில் கிடக்கும்.

மறுப்பு எழுதுவதற்கு முன்னால் இன்னொரு வேலை செய்தோம். நாம் எதைத் தர மறுக்கிறோமோ அது ஏற்கெனவே திறந்து கிடந்தால் மறுப்பதில் அர்த்தமில்லை அல்லவா? லாகின் செய்யாத பிரவுசரில் அவள் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடினாள், அப்புறம் போன் நம்பரை வைத்துத் தேடினாள். ஃபேஸ்புக்கில் நம் ப்ரொஃபைல் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ ஆஸ்' வசதி இருக்கிறது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது. கல்லூரிக் காலத்துப் படங்கள் பலதும் பொதுவில் இருந்தன, மாற்றினாள். இன்ஸ்டா ஏற்கெனவே பிரைவேட். ஆனால் பிரைவேட் கணக்கிலும் பெயர், டி.பி., பயோ மூன்றும் யாருக்கும் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயோவில் இருந்த வரியைச் சுருக்கினாள். எதையும் அழிக்கவில்லை. நம் வீட்டுக் கதவை நாம் சாத்திக்கொள்வதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

அடுத்து மெயில். அவள் முதலில் எழுதியது இரண்டு பத்தி. பிரைவசி பற்றிய விளக்கம், வீட்டில் அப்பாவுக்குப் பிடிக்காது என்பது, மூன்று இடத்தில் மன்னிப்பு. எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். காரணம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பேரம் பேச இடம் கிடைக்கும். அப்பாவுக்குப் பிடிக்காது என்றால், "நாங்க அப்பாகிட்ட சொல்ல மாட்டோம்மா" என்று பதில் வரும். மன்னிப்புக் கேட்டால் தப்புச் செய்வது நாம்தான் என்று ஆகிவிடும். கடைசியில் அவள் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"வணக்கம் மேடம். சனிக்கிழமை 11 மணி இண்டர்வியூவுக்கு வருவதை உறுதி செய்கிறேன். ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் மட்டும் வைத்திருப்பதால் வேலை விண்ணப்பங்களில் அவற்றைப் பகிர்வதில்லை. அந்த இடங்களில் என் லிங்க்ட்இன் லிங்க்கைக் கொடுத்திருக்கிறேன். என் வேலையைப் பற்றி விசாரிக்க முந்தைய மேலாளர்கள் இருவரின் தொடர்பு விவரங்களை, அவர்களிடம் கேட்டுவிட்டு இண்டர்வியூ அன்று தருகிறேன். வேறு ஏதாவது தேவை என்றால் சொல்லுங்கள்."

இதில் வரிசை முக்கியம். வருகிறேன் என்பது முதலில். அதைப் படித்ததுமே ரெக்ரூட்டருக்குப் பாதிக் கவலை போய்விடும், ஏனென்றால் அவர் உண்மையில் பயப்படுவது கேண்டிடேட் வராமல் போவதற்குத்தான். அப்புறம் மறுப்பு, ஒரே வாக்கியத்தில். "உங்களுக்குத் தர மாட்டேன்" என்று இல்லாமல் "வேலை விண்ணப்பங்களில் பகிர்வதில்லை" என்று இருப்பதால் அது அவர்களைப் பற்றிய அவநம்பிக்கையாகப் படாது. யார் கேட்டாலும் இதே பதில்தான் என்று புரியும். அடுத்து, பதிலுக்கு என்ன தருகிறோம் என்பது. ப்ரோகிராமர் என்றால் கிட்ஹப், டிசைனர் என்றால் போர்ட்ஃபோலியோ என்று காட்ட ஏதாவது இருக்கும். அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால்தான் இரண்டு ரெஃபரன்ஸ். இப்போது வேலை பார்க்கும் இடத்து மேலாளரை இந்தக் கட்டத்தில் கொடுக்கக் கூடாது என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். வேலை தேடுகிறீர்கள் என்று அங்கே தெரிந்துபோகும்.

ஃபார்மில் அந்தக் கட்டங்கள் லிங்க்கை மட்டுமே ஏற்கும்படி வைத்திருந்தார்கள். "பகிர்வதில்லை" என்று எழுதினால் சிவப்பில் பிழை காட்டியது. அதனால் அவற்றில் லிங்க்ட்இன் லிங்க்கையே போட்டாள். மெயிலில் அதைச் சொன்னது அதற்காகத்தான். சொல்லாமல் விட்டால் ஏமாற்றப் பார்த்த மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் ரெக்ரூட்டரிடமிருந்து போன். "எல்லா கேண்டிடேட்டும் குடுத்துட்டாங்கம்மா, நீங்க மட்டும்தான் குடுக்கல. பார்க்கப் போறது ஒண்ணும் இல்ல, சும்மா ஃபார்மாலிட்டிதான்." ரெக்ரூட்டராக இருந்தபோது இந்த வசனத்தை மற்றவர்கள் சொல்ல நானும் கேட்டிருக்கிறேன். இதற்கு வாதம் பண்ணக் கூடாது. "ஃபார்மாலிட்டின்னா எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் அவருக்குக் கோபம்தான் வரும். அவள் சொன்னது இது: "புரியுது மேம். கம்பெனி எச்.ஆர். கண்டிப்பா வேணும்னு சொன்னாங்கன்னா, எதுக்குத் தேவை, யார் பார்ப்பாங்கன்னு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க. பார்த்துட்டு பதில் சொல்றேன். நாளைக்கு 11 மணிக்கு நான் வந்துடறேன்."

எதற்குத் தேவை என்பதை எழுத்தில் கேட்பதுதான் இதில் பலமான பிடி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகக் கேட்பதை, காரணம் எழுதி, கம்பெனி மெயில் ஐடியிலிருந்து கேட்கப் பெரும்பாலானவர்கள் துணிவதில்லை. அந்த மெயில் வரவில்லை. சனிக்கிழமை இண்டர்வியூ நடந்தது. இன்வாய்ஸ் மேட்சிங் பற்றியும் டி.டி.எஸ். பற்றியும் கேட்டார்கள். இன்ஸ்டா பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சட்டத்தைக் காட்டினால் என்ன என்று அவள் கேட்டாள். முதல் மெயிலில் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சட்டப் பிரிவைப் பார்த்ததும் ரெக்ரூட்டர் அதைத் தன் மேலதிகாரிக்கு அனுப்புவார், அவர் இந்த ஆளே வேண்டாம் என்பார். ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பது நல்லது, குரலில் தயக்கம் இருக்காது.

அமெரிக்காவில் இது பெரிய விவகாரமானது. 2010-இல் மேரிலேண்ட் மாநிலச் சிறைத்துறையில் ராபர்ட் காலின்ஸ் என்பவர், தாயார் இறந்ததற்காக எடுத்த விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மறுபடியும் நேர்காணல் வைத்தார்கள். அங்கே அவருடைய ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே லாகின் செய்து படித்தார்கள். அவர் ஏ.சி.எல்.யு. என்ற குடிமக்கள் உரிமை அமைப்பிடம் போனார், விஷயம் வெடித்தது. 2012-இல் மேரிலேண்ட், முதலாளிகள் இப்படிப் பாஸ்வேர்டு கேட்பதைத் தடைசெய்த முதல் மாநிலமானது. 2013 ஜனவரியில் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தனிப்பட்ட சமூக வலைதள விவரங்களை வெளிப்படுத்தச் சொல்லி விண்ணப்பதாரரிடம் கேட்பதையே தடுத்தது.

இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. இருப்பது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதன் 6-ஆவது பிரிவில் நமக்கு உதவும் ஒரு கருத்து இருக்கிறது: ஒப்புதல் என்பது, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே செல்லும். அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவ ஆலோசனை தரும் ஒரு செயலி, போனில் உள்ள கான்டாக்ட்ஸ் பட்டியலையும் கேட்கிறது. பயனர் சரி என்று தட்டிவிட்டாலும், ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் அதற்குப் பொருந்தாது. அக்கவுண்ட்ஸ் வேலைக்கும் இன்ஸ்டா கணக்குக்கும் உள்ள சம்பந்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவையும் மறக்கக் கூடாது: நாமாகப் பொதுவெளியில் போட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பொதுவில் திறந்து வைத்த கணக்கை அவர்கள் பார்த்தால் கேட்க ஒன்றுமில்லை. முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டியதன் காரணம் இதுவும்தான்.

எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. லிங்க் கேட்பது ஒன்று. "எங்க எச்.ஆர். ரிக்வெஸ்ட் அனுப்புவாங்க, அக்செப்ட் பண்ணுங்க" என்பது இன்னொன்று. அங்கே உங்கள் படங்கள் மட்டும் இல்லை, உங்களை நம்பித் தன் குழந்தையின் படத்துக்கு டேக் போட்ட அண்ணியும், ஒரு சோகமான இரவில் ஏதோ எழுதிய தோழியும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் ஒரு அந்நியரை உள்ளே விட நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்டால், அல்லது அவர்கள் அனுப்பும் லிங்க்கில் போய் உங்கள் கணக்கில் லாகின் செய்யச் சொன்னால், அங்கே பணிவான மெயிலுக்கு வேலையே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள நம்பரை நேராகக் கூப்பிட்டு விசாரியுங்கள். அநேகமாக அது போலி ரெக்ரூட்டராக இருக்கும். ஏதாவது கொடுத்துப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

மறுக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில், கடந்த ஐந்து வருடம் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளை 2019-இலிருந்து கேட்கிறார்கள். அது ஒரு அரசாங்கம் கேட்பது, மறைத்தால் விசாவே மறுக்கப்படலாம். அதை நினைத்துக்கொண்டு, "அமெரிக்காவுக்கே குடுக்கிறோம், இவங்களுக்குக் குடுத்தா என்ன?" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பெருங்குடிக் கம்பெனிக்கு அந்த அதிகாரம் கிடையாது. சோஷியல் மீடியா எக்ஸிகியூட்டிவ் மாதிரியான வேலை என்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அங்கேயும் நீங்கள் நடத்திய பக்கங்களைக் கொடுங்கள், உங்கள் குடும்பக் கணக்கை அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும், கொடுத்தால்தான் இண்டர்வியூ என்று எழுத்திலேயே சொல்லிவிட்டால்? கையில் வேறு வேலை இருப்பவருக்கு நான் விட்டுவிடு என்றுதான் சொல்வேன். வீட்டில் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்க, மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாதவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. அவர் கணக்கைப் பூட்டிவிட்டு, பெயரும் டி.பி.யும் மட்டும் தெரியும் நிலையில் லிங்க்கைக் கொடுக்கலாம். ரிக்வெஸ்ட் வந்தால் ஏற்காமல் விடலாம்.

சித்தி மகளுக்கு ஆஃபர் வந்த பிறகு இந்த விஷயம் இன்னொரு ரூபத்தில் வந்தது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு ஒரு ஏஜென்சி ஒப்புதல் கடிதம் அனுப்பியது. படிப்புச் சான்றிதழ், முந்தைய வேலை, முகவரி, குற்ற வழக்கு விசாரணை என்ற பட்டியலில் நடுவே "சோஷியல் மீடியா" என்றும் இருந்தது. ஆஃபர் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடும் காகிதம் அது. அவள் திரும்ப ஒரு மெயில் போட்டாள்: பொதுவில் இருக்கும் பதிவுகளை மட்டும் பார்ப்பீர்களா, கணக்கில் நுழைய எதையாவது கேட்பீர்களா, ரிப்போர்ட்டை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? பொதுப் பதிவுகள் மட்டும்தான், கணக்கு விவரம் எதுவும் வேண்டாம் என்று ஏஜென்சி பதில் அனுப்பியது. எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை, மறுபடியும் கேட்டிருக்கிறாள். வேலையில் சேரும் நாளில் கொடுக்கும் படிவங்களிலும் இதே கட்டங்கள் வரக்கூடும் என்பதால், அந்த மெயிலைப் பி.டி.எஃப். ஆக எடுத்து ஆஃபர் லெட்டரோடு சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.